கிட்டங்கித் தெரு நீண்ட வாரம்

ராஜகனி நாக்பூரிலிருந்து வந்து இறங்கிய அன்று, அவளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எங்கள் கிட்டங்கித் தெரு ஒரு பர்லாங்கு நீண்டுபோனது.

அது பெரிய தெரு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகள், எதிர்ப்பக்கம் வீடுகள், மேற்குக் கோடியில் எங்கள் வீடு, அங்கிருந்து நாலு வீடு தள்ளி ராஜகனியின் அண்ணன் வீடு, இரண்டுக்கும் நடுவில் தவசி அண்ணாச்சியின் பலசரக்குக் கடை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வத்தல் வறுத்தால் அவர்கள் வீட்டில் தும்முவார்கள், அவர்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நான் எங்கள் அடுப்பை ஓடிப்போய்ப் பார்ப்பேன். நான் எதற்கும் ஓடிப்போய்ப் பார்க்கிறவள்தான். அடுப்பை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா, நேற்றுப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்காவிடம் சொன்ன வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்குமோ என்று ராத்திரி பூராவும் உருட்டிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக்காரர் சங்கரபாண்டி, "ஏ செம்பகம், கிரைண்டர நிறுத்தினாலும் உன் மண்ட நிக்க மாட்டேங்குதே" என்பார். வீட்டு வாசலில் கிரைண்டர் போட்டு மாவு அரைத்து விற்கிறேன். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பொருத்தம்தான்.

ராஜகனியும் நானும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இதே தெருவில் மூன்றாவது கிட்டங்கியில் வத்தல் காம்பு கிள்ளப் போனவர்கள். அந்த வேலையில் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் நெடி தொண்டைக்குள் போய் மாலைவரைக்கும் இருமல். தாவணி முந்தியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வத்தல் குமியை முன்னால் போட்டு உட்கார்ந்திருப்போம். பிந்தி வருகிறவளை யாரும் வா என்று கேட்பதில்லை. அவள் வந்து எதிரே குத்தவைப்பாள். முந்தி வந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் குமியில் பாதியைப் புறங்கையால் அவள் பக்கம் தள்ளிவிடுவாள். அதுதான் வணக்கம், அதுதான் நலம் விசாரிப்பு. அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு வந்த நாளிலும், காய்ச்சலோடு வந்த நாளிலும், கல்யாணம் நிச்சயமான மறுநாளிலும் ராஜகனிக்கு நான் பாதிக் குமியைத் தள்ளியிருக்கிறேன், அவள் எனக்குத் தள்ளியிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்தாலும் வத்தலால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

அவள் கல்யாணமாகி, முறுக்குக் கடை வைத்திருந்த மாப்பிள்ளையோடு நாக்பூர் போனாள். முதலில் கடுதாசி வந்தது, பிறகு ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து போன் வந்தது, பிறகு பொங்கலுக்குப் பொங்கல், பிறகு அதுவும் இல்லை. சண்டை கிடையாது, மனத்தாங்கல் கிடையாது, ஒரு சொல் கூடக்குறைய யாரும் சொல்லவில்லை. என் அம்மா இறந்தபோது அவள் கூப்பிடவில்லை. அவள் புருஷன் இறந்தது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது, தெரிந்த பிறகு நானும் கூப்பிடவில்லை. இவ்வளவு நாள் கழித்தா கூப்பிடுவது என்று ஒரு வாரம் தள்ளினேன், ஒரு வாரம் தள்ளியதற்கு வெட்கப்பட்டு ஒரு மாதம் தள்ளினேன், அந்த மாதத்துக்கு என்ன சமாதானம் சொல்வது என்று யோசித்து ஒரு வருஷம் போனது. அவளும் அங்கே இதையே செய்துகொண்டிருந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்படித்தான் சும்மா இருந்த மௌனம் இரண்டு பக்கமும் தீனி தின்று வளர்ந்துவிட்டது.

அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது நான் மாவுத் தூக்குவாளியோடு வாசலில் நின்றேன். தலை முழுக்க நரைத்து, ஒரு சுற்று இளைத்து, நெற்றி வெறுமையாக நின்றாள். எனக்கு நெஞ்சு பதறியது. பதறியதை மறைக்க, "அடேயப்பா! யாரு இது, நம்ம ராஜகனியா! ஆளே மாறலயே நீ!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"நீயும் அப்படியே இருக்கியேப்பா!" என்று அவளும் கத்தினாள். என்னை அவள் வாழ்நாளில் 'ப்பா' போட்டுக் கூப்பிட்டதில்லை. 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவாள்.

அப்போதுதான் தெரு நீண்டது. சத்தமில்லை, அதிர்வில்லை. புரோட்டாக் கடையில் மாவை இழுக்கிறமாதிரி நடுவில் மெலிந்து, இழுபட்டு, வெறும் தார் ரோடும் ஓரத்தில் கொஞ்சம் மண்ணுமாக நீண்டுகொண்டே போனது. ராஜகனியின் கையசைப்பு சின்னதாகி, சின்னதாகி, தூரத்தில் கொடியில் காயும் துணிமாதிரி தெரிந்தது.

தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கரண்டு போனால் விசிறியை எடுப்பதுபோல ஆளாளுக்கு ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். பாக்கியத்தக்கா, "அப்போ தண்ணிக் குழாய்க்கு இனிமே வண்டி தள்ளிட்டுத்தான் போகணுமா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனாள். தவசி அண்ணாச்சி கடை எங்கள் பக்கமே நின்றுபோனதால், மறுநாளே அந்தக் கோடியில் இன்னொரு கடை போட்டு மச்சினனை உட்கார வைத்தார். ஷேர் ஆட்டோ ஓட ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஆடுகள் வந்து ஓரத்துப் புல்லை மேய்ந்தன. நடுவழியில் ஒருவர் டீ ஸ்டால் போட்டு, 'நடு சென்டர்' என்று பலகை எழுதி மாட்டினார். நகராட்சியிலிருந்து ஒருத்தர் டேப்போடு வந்து அளந்தார். அளந்து முடிப்பதற்குள் இன்னும் கொஞ்சம் நீண்டதால், "நீளுறது நின்னதும் ஆள் விடுங்க" என்று டீ குடித்துவிட்டுப் போனார். வெறும் ரோட்டைப் பார்த்த கிட்டங்கிக்காரர்களுக்குச் சந்தோஷம். களம் தேடிப் போகவேண்டாம் என்று தார்ப்பாயை விரித்து வத்தலைக் காயப்போட்டுவிட்டார்கள். கண்ணுக்கு எட்டியவரை சிவப்பாகக் கிடந்தது எங்கள் தெரு.

எதனால் நீண்டது என்று கண்டுபிடித்தவர் எங்கள் வீட்டுக்காரர்தான். "நீ வாயத் தொறக்கும்போதுதான் நீளுது செம்பகம். நான் பாத்துட்டேதான் நின்னேன்."

"நான் என்னங்க தப்பாச் சொன்னேன்? ஆளே மாறலயேன்னுதான சொன்னேன்."

"அது ஆளே மாறிப்போயில்ல வந்திருக்கு," என்றார்.

இது தெருவுக்குத் தெரிந்துபோனது. தெரிந்ததும் ஆளாளுக்கு எனக்குப் பாடம் நடத்தினார்கள். "கட்டிப் பிடிச்சு ஒரு மூச்சு அழுதிரு, எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள் பாக்கியத்தக்கா. தவசி அண்ணாச்சி, "உள்ளத உள்ளபடி விளக்கிச் சொல்லிருங்க தங்கச்சி. ஏன் பேசலைன்னு காரணம் தெரிஞ்சா மனுசங்களுக்குச் சமாதானம் ஆயிரும்" என்றார். அண்ணாச்சி சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. கிரைண்டர் ஓடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாவு புளித்தது, நான் சொல்லிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை, நின்றவாக்கிலேயே ஆரம்பித்தேன். "உன்னக் கூப்பிடக்கூடாதுன்னு இல்ல ராஜகனி, அந்த வருசம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேசன், அப்புறம் போனு தண்ணியில விழுந்து நம்பரெல்லாம் போயிருச்சு, அப்புறம் மகன் கல்யாணம், அப்புறம் இவருக்குச் சுகர், நான் பாவி, என்ன மன்னிச்சிரு, என்னால தூங்கவே முடியல." சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். "பரவால்லப்பா. பரவால்ல. அழாத. தண்ணி குடிக்கியா?"

தண்ணீரை வாங்கிக் குடிக்கும்போதுதான் உறைத்தது. புருஷனை இழந்தவளிடம் துக்கம் கேட்க வந்துவிட்டு, அவளை எனக்கு ஆறுதல் சொல்ல வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை அவளுக்காகச் சொன்னவை இல்லை, என் நெஞ்சுப் பாரத்தை அவள் மடியில் இறக்கி வைத்தவை. வெளியே வந்து பார்த்தால் ஷேர் ஆட்டோக்காரர் தலையில் கை வைத்து நிற்கிறார். "யக்கா, என்ன பேசிட்டு வந்தீங்க? இருக்குற டீசல் பத்துமான்னு தெரியலயே." வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

அடுத்து அவள் வந்தாள். நாக்பூர் ஆரஞ்சு ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்திருந்தது. என் வாசலுக்கு வந்ததும், அவளும் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள்தானே, சிரித்துக்கொண்டே, "என்ன, எங்கள எல்லாம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

கேலிதான். ஆனால் கேலிக்குள் ஒரு முள் இருந்தது. அது குத்திய இடத்தைக் காட்டாமல் நானும், "பெரிய மனுசங்கள மறக்க முடியுமா?" என்று இன்னொரு முள்ளை எடுத்துக் குத்தினேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆரஞ்சுப் பையை நீட்டினாள், நான் கை நீட்டினேன். இரண்டு கைக்கும் நடுவில் ரோடு விரிந்தது. பை கீழே விழுந்து, பழங்கள் உருண்டு உருண்டு போயின. ஆடுகள் தோலோடு தின்றன. அன்றைக்குக் கறந்த ஆட்டுப் பாலில் ஆரஞ்சு வாசம் அடித்ததாக டீ ஸ்டால்காரர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கடையில் உளுந்து வாங்கும்போது அந்தச் சேதி வந்தது. அந்தக் கோடிக் கடையில் இருக்கிற மச்சினன் போனில் சொன்னானாம். "ராஜகனி இங்கயே தங்குறதா, நாக்பூர்ல மகன்கிட்டயே திரும்பிப் போறதான்னு பாக்கத்தான் வந்திருக்கு தங்கச்சி. மகனும் மருமகளும் காலைல போனா ராத்திரிதான் வருவாங்களாம். 'அங்கயும் பேச ஆளில்ல, இங்கயும் இல்லன்னா இங்க எதுக்கு'ன்னு சொல்லிச்சாம். ஞாயித்துக்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டு இருக்கு."

உளுந்துப் பையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் போய்விட்டால் இனிமேல் வரமாட்டாள். எங்களுக்கு வயது அப்படி. இன்னொரு தடவை போய்ப் பேசலாம் என்றால், பேசினால் நீள்கிறது. பேசாமல் இருந்தால் போய்விடுவாள். அன்று மாவு அரைக்கவே இல்லை. தெருவில் பாதிப் பேர் உப்புமா சாப்பிட்டார்கள். அதற்கும் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. காய்ந்த வத்தலில் மழை விழுந்தால் பூஞ்சை பிடித்து வெள்ளை பாய்ந்துவிடும், அப்புறம் மாட்டுக்குக்கூட ஆகாது. கிட்டங்கி ஆட்கள் கத்தினார்கள். தெருவே ஓடியது, பாக்கியத்தக்கா, ஆட்டோக்காரர், சுகர் மாத்திரையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் எங்கள் வீட்டுக்காரர், எல்லோரும். நான் அடுப்பை அணைத்தேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், பிறகு முந்தியால் வாயைக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். இந்தக் கோடியிலிருந்து நாங்கள், அந்தக் கோடியிலிருந்து அவர்கள், வாரிக் குமித்து, குமித்ததைச் சாக்கில் அள்ளி, அள்ளியதைக் கட்டி, சிவப்புத் தூசி எழும்பி மேகத்தோடு மேகமாகக் கலக்க, தெரு முழுக்கத் தும்மலும் இருமலுமாக நாங்கள் நடுவை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தோம். ராஜகனியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்த வாரத்தில் நான் அவளை நினைக்காமலிருந்தது அந்த ஒரு பொழுதுதான்.

டீ ஸ்டாலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குமி. காம்பும் செத்தையும் கலந்து கிடந்ததால் கையால் பிரித்துத்தான் அள்ளவேண்டும். குத்தவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே யாரோ வந்து குத்தவைத்தார்கள். நான் நிமிரவில்லை. என் புறங்கை தானாகப் போய், குமியில் பாதியை எதிர்ப்பக்கம் தள்ளியது.

அந்தப் பக்கத்துக் கைகள் பிரிக்க ஆரம்பித்தன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்பைத் திருகி எடுக்கிற அந்த வேகத்தை நான் எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்வேன். இடது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். கிட்டங்கிக் கதவில் நசுங்கிய விரல் அது.

வாய் கட்டியிருந்ததால் சிரிக்க முடியவில்லை. சிரிக்க முடியாதது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முகத்துக்கு ஒரு வேலையும் இல்லை. பார்க்கக் குமி இருந்தது, கைக்கு வேலை இருந்தது. பாதிக் குமி கரையும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமல் இருந்ததில் எனக்குப் பயமே வரவில்லை.

முதலில் பேசியது அவள்தான். "இதுல பாதி சண்டு வத்தல், வெளுத்துப் போனது."

"ஆமா. இந்த வருசம் எல்லாமே இப்படித்தான்."

"கை எரியுதா?"

"எரியுது. பழக்கம் விட்டுப்போச்சு. உனக்கு?"

"எனக்குந்தான்."

மேலும் கொஞ்சம் பிரித்தோம். அவள் இடது காலை நீட்டி, மறுபடி மடக்கினாள். முகம் சுருங்கியது.

"முட்டியா?"

"இந்தக் காலு மட்டும்."

பக்கத்தில் கிடந்த மடித்த சாக்கை அவள் பக்கம் நகர்த்தினேன். அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு, எந்தக் கிரைண்டரிலும் சொல்லிப் பார்க்காத ஒன்று என் வாயிலிருந்து வந்தது. "அத்தான் போனது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியும். உன்ன நெனச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் கை நின்றது. நான் அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கவேண்டும் என்று நாக்கு துடித்தது, ஆபரேசனும் போனும் வரிசையாக வந்து நின்றன, நான் அவற்றை வரவிடவில்லை.

"ம்," என்றாள். கொஞ்சம் கழித்து, "அவருக்கு உன்னத் தெரியும். கல்யாணத்தப்போ நீ சுட்டுப் போட்ட தோசையத்தான் கடைசிவரைக்கும் சொல்லுவாரு. நாக்பூர் தோசைய, இதுவும் ஒரு தோசையாம்பாரு" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "உங்கம்மா போனத அண்ணன் சொல்லிச்சு. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

"ம்," என்றேன் நான்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, என் கண்ணிலும் வந்தது. வத்தல் நெடிதானே, யாரும் துடைக்கவில்லை. வத்தல் கையால் துடைக்கவும் கூடாது.

சாக்கு நிறைந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினோம். அப்போது அவள், "ஏட்டி, நல்லாப் பிடி, உன் பக்கம் சாயுது பாரு" என்றாள்.

தூக்கிக்கொண்டு எழுந்தால், நாங்கள் அண்ணாச்சி கடை வாசலில் நிற்கிறோம். டீ ஸ்டாலைக் காணோம், அதாவது அது அண்ணாச்சி கடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் பலகையோடு இடுங்கிக்கொண்டு நின்றது. அண்ணாச்சியின் இரண்டு கடைகளும் முதுகோடு முதுகு ஒட்டிப்போய், அவரும் மச்சினனும் ஒரே கல்லாவில் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடுகளெல்லாம் எங்கள் வீட்டுப் படியில் நின்றன. "அவ்வளவுதானா, சுருங்கிருச்சா?" என்று ஆட்டோக்காரர் வருத்தப்பட்டார். முதல் துளி விழுந்ததும் எல்லோரும் மூட்டைகளைக் கிட்டங்கிக்குள் தள்ளினோம்.

பிரியும்போது எனக்குப் பழைய பயம் வந்தது. போகாதே என்று கையைப் பிடிக்கலாமா, டிக்கெட்டைப் பற்றிக் கேட்கலாமா என்று மனசு கிரைண்டராகச் சுற்றியது. பிடித்தால், என் பயத்துக்காக அவளைத் தங்கச் சொன்னதாகும். "நாளைக்குக் காலைல முருங்கைக்கீரை ஆயணும். கெடக்கு ஒரு கட்டு" என்று மட்டும் சொன்னேன்.

"சரி," என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நனைந்துகொண்டே நாலு வீடு நடந்து போனாள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை என்பதை எழுதவே வேண்டாம். காலையில் கீரைக்கட்டை அவிழ்த்து முறத்தில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஸ்டேஷனுக்குப் போகிற ஆட்டோ அவள் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு ஈர்க்கை உருவினேன், கீரையை விட்டுவிட்டு ஈர்க்கை முறத்தில் போட்டேன். ஹாரன் மறுபடி அடித்தது. பிறகு ஆட்டோ திரும்பி என்னைக் கடந்து போனது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எதிரே யாரோ குத்தவைக்கிற சேலைச் சத்தம் கேட்டது.

"ஆட்டோ வந்துட்டு சும்மாப் போயிருச்சு," என்றாள் ராஜகனி.

கீரையில் பாதியைப் புறங்கையால் அவள் பக்கம் தள்ளினேன். சந்தோஷத்தில் பாதிக்கு மேலேயே தள்ளிவிட்டேன் போல. அவள் அதைப் பார்த்தாள், ஒரு கைப்பிடி எடுத்து என் பக்கமே திருப்பிப் போட்டாள்.

"ரொம்பத்தான்," என்றாள்.

நீள்வது நின்றதும் ஆள் விடச் சொன்ன நகராட்சிக்காரர் மறுவாரம் டேப்போடு வந்தார். பழைய அளவைவிட இன்னும் ஒரு முழம் அதிகம் இருக்கிறது என்று மூன்று தடவை அளந்து பார்த்தார். அந்த ஒரு முழம் எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எங்களுக்குத் தெரியும். எங்கள் வாசலில், அவளுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது. அதைச் சுருக்க நாங்கள் முயற்சி செய்யவில்லை. கீரையை வைக்க இடம் வேண்டுமே.